நூறு முட்டை வாங்கும் முன் இலையை எடை போடுங்கள்: கடலூர்ப் பக்கம் ஒரு ஏக்கரில் பட்டுப்புழு

என் முதல் வளர்ப்புப் பட்டம் நாசமானதற்கு நோய் காரணமில்லை. புழு நன்றாகத்தான் இருந்தது. நான்கு முறை தோலுரித்த புழு கூடு கட்டும் முன் கடக்கும் கடைசிக் கட்டமான ஐந்தாம் பருவத்தின் நான்காவது நாள் இலை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஐம்பதாயிரம் வாய் வெறும் குச்சியைச் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, இரவோடு இரவாகப் பக்கத்து ஊரிலிருந்து இலை வாங்கி வந்து போட்டேன். அந்த இலையில் மருந்து இருந்தது. 100 முட்டைக்கு 70 கிலோ கூடு வரும் என்று கணக்குப் போட்டிருந்தவனுக்குக் கிடைத்தது 19 கிலோ.

பண்ருட்டிக்கு அந்தப் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய செம்மண் நிலம் என்னுடையது. ஒரு ஏக்கரில் 90 சென்ட் மல்பெரி, மீதியில் புழு வளர்ப்பு மனையும் கிணறும். கீழே எழுதியிருப்பது இந்த அளவு நிலம் வைத்திருப்பவர்களுக்கு. ஐந்து ஏக்கர்க்காரர்களின் கணக்கு வேறு.

முதலில் ஒரு சொல். இந்தத் தொழிலில் ‘ஒரு முட்டை’ என்றால் ஒரு முட்டை அல்ல. ஒரு தாய் அந்துப்பூச்சி இட்ட நோயற்ற முட்டைத் தொகுதி. அதில் சுமார் 500 முட்டை இருக்கும். ஆகவே ‘நூறு முட்டை எடுத்தேன்’ என்று ஒருவர் சொன்னால், ஏறக்குறைய 45,000 முதல் 50,000 புழு வரை வளர்க்கிறார் என்று பொருள். இது தெரியாமல் போனில் ஆர்டர் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

1. நிலத்தையும் காகிதத்தையும் முதலில் பாருங்கள்

மல்பெரி ஒருமுறை நட்டால் பத்துப் பதினைந்து வருடம் நிற்கும். தப்பான இடத்தில் நட்டால் அத்தனை வருடமும் தப்புதான். கடலூர் மாவட்டத்தில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தண்ணீர் தேங்குமா? ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் தண்ணீர் நிற்கும் பள்ளக்கால் நிலத்தில் வேர் அழுகிப் போகும். சிதம்பரம் பக்கத்துக் களிமண்ணைவிட பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலம் நல்லது. இரண்டு, கிணற்றுத் தண்ணீரில் உப்பு. கடற்கரையை ஒட்டிய ஊர்களில் மேலே நல்ல மண் இருக்கும், போர் தண்ணீர் கரித்துக்கொண்டிருக்கும். மண்ணையும் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் நாற்று தேடுங்கள். கடலூர்க்காரர்கள் விருத்தாசலம் கிருஷி விக்யான் கேந்திராவிலும், புதுச்சேரிக்காரர்கள் குரும்பாபேட்டில் உள்ள கேந்திராவிலும் எங்கே எப்படிக் கொடுப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மண்ணின் கார அமில நிலை 6.2 முதல் 6.8 வரை இருந்தால் மல்பெரிக்கு ஏற்றது. கொஞ்சம் தள்ளியிருந்தால் சரிசெய்யலாம்.

அடுத்தது காகிதம். மானியம் வேண்டாம் என்று நினைப்பவர்கூடப் பட்டு வளர்ச்சித் துறையில் பதிவு செய்துகொள்வது நல்லது. இளம்புழு வாங்கும்போதும், அங்காடியில் விற்கும்போதும் பதிவு உதவும். கையில் இருக்க வேண்டியவை: சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், வங்கிப் புத்தக நகல், சிறு குறு விவசாயி சான்று, நான்கைந்து போட்டோ. சிட்டாவும் புல வரைபடமும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். அடங்கலுக்குக் கிராம நிர்வாக அலுவலரையும், சிறு குறு விவசாயி சான்றுக்கு இ-சேவை மையத்தையும் பார்க்க வேண்டும்.

இதில் ஆள் மாட்டிக்கொள்ளும் இடம் பட்டாதான். என் நிலம் தாத்தா பெயரிலேயே இருந்தது. அத்தை இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி, பட்டா மாற்றி முடிக்க ஐந்து மாதம் ஆனது. அதுவரை மற்ற எந்தக் காகிதமும் நகரவில்லை. பாகூர், மண்ணாடிப்பட்டு எல்லையில் நிலம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வீடு தமிழ்நாட்டில் இருக்கும், வயல் புதுச்சேரி சர்வே எண்ணில் இருக்கும். திட்டம் நிலத்தைப் பார்த்து வருவது, வீட்டைப் பார்த்து அல்ல. எந்தப் பக்கத்து அலுவலகத்துக்குப் போவது என்று முதல் நாளே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

மானியம் வாங்குவதாக இருந்தால், நடவுக்கும் மனைக்கும் தனித்தனியாக விண்ணப்பம், கள ஆய்வு, அனுமதி என்று வரிசை உண்டு. அனுமதி கைக்கு வரும் முன் அஸ்திவாரம் தோண்டாதீர்கள். நான் அவசரப்பட்டுக் கட்டிவிட்டு அப்புறம் போய் நின்றேன். தவறு என்னுடையதுதான். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் இங்கே எழுதவில்லை.

2. நடவு: ஆடியில் முடித்துவிடுங்கள்

வி-1 ரகம் நட்டேன். நம் பக்கம் நாற்று சுலபமாகக் கிடைப்பதும் அதுதான். மூன்றடிக்கு மூன்றடி என்றால் ஏக்கருக்கு 4,840 செடி. என் 90 சென்டுக்கு 4,350 வந்தது. நாற்று ஒன்று இரண்டரை ரூபாய், ஏற்று கூலி தனி. உழவு, தொழு உரம், நடவுக் கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு இருபதாயிரம் ஆனது. மூன்று மாத வயது நாற்றாகப் பார்த்து வாங்குங்கள். குச்சியை நேரடியாக நடுவது மலிவுதான், ஆனால் இடைவெளி விழும். இடைவெளி விழுந்தால் வருடக்கணக்கில் அந்த இடத்தில் இலை இல்லை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வேர் பிடித்திருக்க வேண்டும். ஆனியிலோ ஆடியிலோ நட்டால் ஐப்பசி மழை உங்களுக்கு வேலை செய்யும். புரட்டாசியில் நட்டால் அதே மழை நாற்றை அழுகவைக்கும்.

நட்டதும் தோட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். நடுவில் ஒரு நடைபாதை விட்டால் போதும். எனக்கு 45 சென்ட், 45 சென்ட். ஒரு பாதியை வெட்டி உணவாக்கும்போது மறு பாதி தழைத்துக்கொண்டிருக்கும். ஒரே நேரத்தில் மொத்தத்தையும் வெட்டினால் பெரிய மனை வேண்டும், பத்து ஆள் வேண்டும், அப்புறம் இரண்டு மாதம் சும்மா உட்கார வேண்டும்.

3. மனை: தேவைக்குப் பெரிதாகக் கட்டாதீர்கள்

எவ்வளவு மனை என்பதை எவ்வளவு இலை என்பதுதான் தீர்மானிக்கும். நன்றாக வளர்ந்த 45 சென்ட் தோட்டம் ஒரு வெட்டுக்கு 125 முட்டைக்கு இலை தரும் (கணக்கு அடுத்த படியில்). 100 முட்டைப் புழு கடைசிப் பருவத்தில் 600 முதல் 700 சதுர அடி வரை படுக்கை கேட்கும். 125 முட்டைக்கு ஏறத்தாழ 800. இது தரைப் பரப்பு அல்ல, தட்டுப் பரப்பு. ஐந்தடி அகலம், 27 அடி நீளம், மூன்றடுக்கு. இப்படி இரண்டு தாங்கி வைத்தால் 810 சதுர அடி வந்துவிடும். சுற்றிலும் நடுவிலும் நடக்க இடம், ஓரத்தில் எட்டடிக்கு ஓர் இலை அறை. எல்லாம் சேர்த்து 40 அடிக்கு 20 அடி மனை போதும்.

ஐந்தடி அகலத்துக்கு மேல் தாங்கி போடாதீர்கள். இரு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். எட்டாத இடத்தில்தான் நோய்ப் புழு கண்ணில் படாமல் கிடக்கும்.

நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்கட்டும், வெயில் சின்னச் சுவரில் மட்டும் விழும். வெறும் தகரக் கூரை வேண்டவே வேண்டாம். நான் தகரத்தின் மேல் ஓர் அடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று போட்டிருக்கிறேன். ஆனால் இது புயல் மாவட்டம். 2011 தானேயும் 2024 ஃபெஞ்சலும் இந்தப் பக்கத்தில்தான் கரை ஏறின. கீற்றைக் கயிற்றால் மட்டும் கட்டாமல் மேலே பழைய மீன்வலையை விரித்து நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். கடலூர் முதுநகரில் பழைய வலை எடைக்குக் கிடைக்கும்.

சன்னல், காற்றுத் துவாரம், கதவு எல்லாவற்றுக்கும் நைலான் வலை. வாசலில் ஒரு சின்ன முன்னறை, இரண்டு கதவு. முதல் கதவை மூடிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இது ஊசி ஈக்காக. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, முதுகில் கோடு இருக்கும். புழுவின் தோலில் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் கறுப்பு வடுவாகும், உள்ளே போன புழு பட்டுப்புழுவைத் தின்னும். கூடு கட்டிய பிறகும் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். ஓட்டை விழுந்த கூட்டை யாரும் நூற்க எடுக்கமாட்டார்கள். தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்புத் தொல்லை இல்லை.

எனக்கு மனைக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரமும் தாங்கிகளுக்கு 45,000-மும் ஆனது. சுவருக்குச் செலவழித்த பணத்தில் பாதியைக் காற்றோட்டத்துக்குச் செலவழித்திருக்கலாம்.

4. இலைக் கணக்கு (இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்)

இலைக் கணக்கை நான் செய்யவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

100 முட்டைக்கு, இளம்பருவம் முதல் கூடு கட்டும் வரை சுமார் 1,000 கிலோ இலை வேண்டும். குச்சி இல்லாமல், வெறும் இலை. ஆகவே ஒரு முட்டைத் தொகுதிக்குப் பத்து கிலோ. மனதில் வைத்துக்கொள்ள எளிது.

சிக்கல், அந்த 1,000 கிலோ எப்போது தேவைப்படுகிறது என்பதில்தான் இருக்கிறது. மூன்றாம், நான்காம் பருவங்களில் புழு கொறிப்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. மீதி எல்லாம் கடைசி ஏழு நாளில் போய்விடும். இளம்புழு வாங்கி வந்த முதல் ஒன்பது நாள் நீங்கள் தோட்டத்தைப் பார்த்து, ‘இன்னும் ஒரு மூலைகூட முடியலையே, இலை கொட்டிக் கிடக்கு’ என்று சந்தோஷப்படுவீர்கள். நானும் பட்டேன். ஐந்தாம் பருவம் தொடங்கிய நாலாம் நாள், காலையில் வெட்டிய பாத்தி மதியத்துக்குள் தட்டில் மாயமானது. மழை பெய்கிற சத்தம்போல இலை தின்னும் சத்தம் கேட்கும். என் அம்மாவுக்கு அது பிடிக்கும், எனக்கு அன்றைக்கு வயிற்றைக் கலக்கியது.

எனவே முட்டை கேட்பதற்கு முன் இலையை எடை போடுங்கள். தோட்டத்தின் ஓரத்தில் இரண்டு, நடுவில் நான்கு, மெலிந்த இடத்தில் நான்கு என்று பத்துச் செடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நல்ல செடியாகப் பொறுக்கக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு நடந்து நிற்கும் இடத்தில் எடுங்கள். கிளையை வெட்டி, இலையை உருவி, இலையை மட்டும் எடை போடுங்கள். கிளையோடு எடை போட்டால் ஏமாந்துபோவீர்கள், குச்சி அவ்வளவு கனம். வந்ததைப் பத்தால் வகுத்து, உயிரோடு இருக்கும் செடிகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள்.

என் முதல் வெட்டில், நட்டு ஏழாம் மாதம், அது இப்படி வந்திருக்க வேண்டும். 45 சென்டில் நட்டது 2,175 செடி. செத்தது போக சுமார் 2,000. செடிக்குச் சராசரி 300 கிராம் இலை. மொத்தம் 600 கிலோ. பத்தால் வகுத்தால் 60 முட்டை. நான் எடுத்தது 100. ‘முதல் தடவையே பாதி எடுத்தா எப்படிக் கட்டுப்படி ஆகும்’ என்று சித்தப்பா கேட்டார், எனக்கும் சரியாகத்தான் பட்டது. 400 கிலோ துண்டு விழும் என்று அப்போது யாராவது எழுதிக் காட்டியிருந்தால் எடுத்திருக்கமாட்டேன்.

இரண்டாவது வருடம் அதே செடி 650, 700 கிராம் கொடுக்கத் தொடங்கியது. 2,000 செடிக்கு 1,350 கிலோ, சிந்தியது சிதறியது போக 125 முட்டைக்குத் தாராளம். முதல் வருடம் அதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

இலை குறையும் என்று தோன்றினால், ஐந்தாம் பருவத்துக்கு முன்பே ஒரு முடிவு எடுங்கள். நான்காம் தோலுரிப்பு முடிவதற்குள் அதிகப்படிப் புழுவை இலை மிஞ்சியிருக்கும் இன்னொரு வளர்ப்பாளருக்குக் கொடுத்துவிடலாம். அதற்கும் வழியில்லையென்றால், பின்தங்கிய சிறு புழுக்களைப் பொறுக்கி அகற்றுங்கள். கொடுமையாகத் தெரியும். எல்லாப் புழுவையும் அரைவயிற்றில் வைத்தால் எல்லாமே மெல்லிய கூடுதான் கட்டும், கிலோவுக்குப் பாதி விலைதான் வரும்.

5. வெட்டும் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்கு

வளர்ந்த புழுவுக்குக் கவாத்து செய்து 50 முதல் 60 நாளான கிளை சரியான தீனி. அதற்கு முன்னால் இலை நீர்த்துப்போய் இருக்கும், எழுபது நாளுக்கு மேல் போனால் அடியிலை மஞ்சளாகி முரடாகும்.

புதிதாக வருகிறவர்கள் முட்டையிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டாம் தோலுரிப்பு முடித்த இளம்புழுவை இளம்புழு வளர்ப்பு மையங்களில் வாங்குங்கள். அந்த முதல் ஏழெட்டு நாளுக்கு 26 முதல் 28 டிகிரி வெப்பமும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரமும் வேண்டும், அதற்கு அனுபவக் கை வேண்டும். வாங்கி வந்த பிறகு மூன்றாம், நான்காம் பருவங்களுக்கு ஒன்பது நாள், ஐந்தாம் பருவத்துக்கு ஏழு நாள். அதாவது 16, 17 நாளில் புழு பழுத்துவிடும்.

ஆகவே கவாத்து செய்த அன்றே மையத்துக்குப் போன் செய்து ஐம்பதாம் நாளுக்கு இளம்புழு பதிவு செய்யுங்கள். நம் மாவட்டத்தில் மையங்கள் குறைவு, வண்டி இரவில் வரும். நான் முட்டை ஒன்றுக்கு 40 ரூபாய் கொடுத்தேன், வண்டிச் செலவு தனி. வரும்போது தட்டில் புழுவெல்லாம் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரிதும் சிறிதுமாகக் கலந்து வந்தால் கடைசி வரை அது சமமாகாது. புழு ரகம், வெள்ளைக் கூடு கட்டும் இருசந்ததிக் கலப்பினம் என்றால், எஃப்சி1-எஃப்சி2 இரட்டைக் கலப்பினமா என்று கேளுங்கள், நம் வெக்கைக்குச் சற்றுத் தாக்குப்பிடிக்கும்.

6. எந்த மாதம் தொடங்குவது

முதல் பட்டத்தைத் தையிலோ மாசியிலோ எடுங்கள். மனைக்குள் 25, 26 டிகிரி தானாகவே இருக்கும், இலை மேலும் ஈரம் இருக்காது. ஆடி முதல் புரட்டாசி வரை அடுத்த நல்ல காலம்.

கத்திரி வெயிலில் புதியவர்கள் புழு எடுக்கவே வேண்டாம். மனைக்குள் 35 தாண்டினால் புழு தின்பதைக் குறைக்கும், பால் நோய் கிளம்பும். அந்த மாதங்களில் கவாத்து, எரு, இடைவெளி நடவு என்று தோட்ட வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகை அடைமழையில் இன்னொரு பிரச்சினை. இலை ஈரமாக வரும், படுக்கை நனைந்தே கிடக்கும், சுண்ணக்கட்டி நோய் பிடிக்கும். செத்த புழு கடினமாகி, மேலே வெள்ளைப் பொடி பூத்து, சுண்ணாம்புத் துண்டுபோல உடையும். மழையில் வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கிளையை இலை அறையில் நிறுத்தி, விசிறி போட்டு, சொட்டு வடிந்த பிறகு போடுங்கள். இலை மேல் ஈரம் தெரிந்தால் அந்த வேளை தீனியைத் தள்ளிப்போடுவதே மேல். மின்சாரம் இரண்டு நாள் இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

7. மருந்து: வெளியிலிருந்து வருவது

பண்ருட்டிப் பக்கம் முந்திரி பூக்கும் மாதங்களில், அதைத் தாக்கும் தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு மருந்து தெளிப்பார்கள். நாம் முதல் பட்டம் எடுக்கச் சொன்ன அதே தை மாசிதான். காற்றில் இருபது முப்பது மீட்டர் வந்து மல்பெரி இலையில் படிந்தால் போதும். பக்கத்தில் கத்தரி, பருத்தி, புகையிலை இருந்தாலும் அதே பயம். புகையிலைக்கு மருந்தே தெளிக்க வேண்டியதில்லை, அந்தச் செடியே பட்டுப்புழுவுக்கு விஷம்.

இலையில் மருந்து இருந்ததற்கு அடையாளம் தெளிவானது. தீனி போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும். தலையை ஆட்டும், வாயிலிருந்து பச்சை நீர் கக்கும், உடம்பு சுருங்கித் தட்டிலிருந்து விழும். நோய் என்றால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். இது ஒரே வேளையில் மொத்தமாக நடக்கும். அந்த இரவு எனக்கு நடந்தது இதுதான். இலை கொடுத்தவருக்கே தெரியவில்லை, பத்து நாள் முன்னால் வேறு யாரோ பக்கத்து வயலில் அடித்திருக்கிறார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர்களிடம் முன்கூட்டியே பேசி, தெளிக்கும் நாளைச் சொல்லச் சொல்லுங்கள். எல்லையில் அகத்தியை நெருக்கமாகப் போடுங்கள். ஓரத்து இரண்டு வரிசையைப் புழுவுக்கு வெட்டாமல் மாட்டுக்கு விடலாமா என்று முதலில் யோசித்தேன். மருந்து பட்டது மாட்டுக்கும் ஆகாது, வெட்டிப் போட்டு மக்கவைக்கிறேன். சந்தேகமான இலை எதுவாக இருந்தாலும் நூறு புழுவைத் தனித் தட்டில் பிரித்து அதை மட்டும் கொடுங்கள். ஒரு நாள் பொறுத்து, அவை நன்றாக இருந்தால் மற்றவற்றுக்குப் போடலாம். பசியோடு இருக்கும் புழுவைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் பொறுப்பது கஷ்டம். அதனால்தான் இலைக் கணக்கை முதலிலேயே போடச் சொல்கிறேன்.

நோய்களுக்கு ஒரே பதில் சுத்தம். 40 அடிக்கு 20 அடி மனைக்கு 150 லிட்டர் தண்ணீரில் மூன்று கிலோ பிளீச்சிங் பவுடரும் 450 கிராம் நீற்றுச் சுண்ணாம்பும் கலந்து, சுவர், தரை, கூரை, தாங்கி எல்லாம் நனையத் தெளியுங்கள். பட்டம் முடிந்ததும் ஒரு முறை, அடுத்த புழு வருவதற்கு நான்கைந்து நாள் முன்பு ஒரு முறை. திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும், மூக்கைத் துளைக்கும் நெடி இல்லையென்றால் வேறு வாங்குங்கள். புழு இருக்கும்போது, ஒவ்வொரு தோலுரிப்பும் முடிந்து தீனி போடுவதற்கு முன் விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினியைத் தூவ வேண்டும். உடம்பு வீங்கிப் பளபளத்து, தட்டின் ஓரமாகவே அலையும் புழு பால் நோய்ப் புழு. கையால் நசுக்காமல் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பு நீரில் போடுங்கள். அது வெடித்துச் சிந்தும் பால்தான் மற்றவற்றுக்குத் தொற்று.

8. கூடு கட்டுதலும் விற்பனையும்

பழுத்த புழு தின்பதை விட்டு, தலையைத் தூக்கி, உடம்பு கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அப்போது நெட்ரிகா என்கிற பிளாஸ்டிக் வலையை படுக்கை மேல் விரித்தால் தானே ஏறிக்கொள்ளும். சதுர அடிக்கு 40, 50 புழுவுக்கு மேல் நெருக்காதீர்கள், இரண்டு புழு சேர்ந்து இரட்டைக் கூடு கட்டிவிடும். கட்டும் மூன்று நாளும் மனையில் காற்று ஓட வேண்டும். புழு கடைசியாக விடும் சிறுநீர் தேங்கிய மனையில் கூடு கறையாகும், நூலும் சரியாகப் பிரியாது.

ஏறிய நாளிலிருந்து ஆறாவது அல்லது ஏழாவது நாள் அறுவடை. கூட்டைக் காதருகே ஆட்டினால் கடகடவென்று கேட்க வேண்டும். முன்னதாகப் பறித்தால் உள்ளே கூட்டுப்புழு மென்மையாக இருக்கும், வழியில் உடைந்து கூடு கறுக்கும். தாமதித்தால் ஊசி ஈயின் புழுவும் அப்புறம் அந்துப்பூச்சியும் வெளியேறும்.

நம் பக்கத்தில் பெரிய அங்காடி இல்லை. தருமபுரிக்குப் போக வேண்டும், விழுப்புரம், திருவண்ணாமலை வழியாக 200 கிலோமீட்டர் ஆகும். தனி வண்டி பிடித்தால் என் அளவுக்கு லாபம் வண்டிக்காரருக்குத்தான். இரண்டாம் பட்டத்தில் பக்கத்து ஊர் வளர்ப்பாளர் ஒருவரோடு தேதி ஒத்துவருமாறு இளம்புழு எடுத்து, ஒரே வண்டியில் போட்டோம். இரவில் கிளம்புங்கள். கூட்டைக் காற்றுப் புகும் வலைப்பைகளில், பையைப் பாதிக்குச் சற்று மேல் மட்டும் நிரப்பி, அமுக்காமல் அடுக்குங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். இரட்டைக் கூடு, கறைக் கூடு, மெல்லிய கூடு மூன்றையும் வீட்டிலேயே பிரித்துத் தனிப் பையில் கட்டுங்கள். நல்ல கூட்டில் பத்து கெட்டது கலந்திருந்தால் ஏலத்தில் மொத்தத்துக்கும் விலை இறங்கும். ஆதாரும் வங்கிப் புத்தகமும் கையோடு இருக்கட்டும்.

அந்த இரண்டாம் பட்டம் 60 முட்டை. கூடு 42 கிலோ, கிலோ 520-க்குப் போனது, 21,840 ரூபாய். இளம்புழு 2,400, சுண்ணாம்பு பவுடர் வகையில் 1,200, வண்டியில் என் பங்கு 2,500, கூலி 4,500. கையில் 11,240. முதல் பட்டத்தில் 100 முட்டை எடுத்து 19 கிலோவை 310 ரூபாய்க்கு விற்று வாங்கியது 5,890 மட்டும்.

கூடு போன மறுநாளே படுக்கைக் குப்பையை மனையிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்க் குழியில் போட்டு மூடுங்கள், மல்பெரித் தோட்டத்தில் பச்சையாகக் கொட்டாதீர்கள். அன்றைக்கே பிளீச்சிங் தெளிப்பு. மறு பாதித் தோட்டம் அப்போது நாற்பது நாளைத் தொட்டிருக்கும், அதில் பத்துச் செடியை எடை போட்டுவிட்டு மையத்துக்குப் போன் செய்து எண்ணிக்கையை உறுதிசெய்யுங்கள்.